5,000 ரூபாய் பெறும் புட் ஏன் 3,750க்குக் கிடைக்கிறது?

"மாமா, 1,250 ரூபாய் சும்மா கிடக்குது, யாருமே எடுக்க மாட்டேங்கிறாங்க" என்று சொல்லி கைப்பேசியை நீட்டினான் அக்கா மகன். திரையில் நிஃப்டி ஆப்ஷன் பட்டியல். நிஃப்டி 25,000த்தில் இருக்கிறது. எக்ஸ்பயரிக்கு ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும் 30,000 புட்டின் விலை 3,750. (எண்களைக் கணக்குக்கு வசதியாக வட்டமாக்கியிருக்கிறேன்.)

புட் என்பது ஒரு பொருளை முன்கூட்டியே பேசிய விலைக்கு விற்கும் உரிமை. 25,000 பெறும் நிஃப்டியை 30,000த்துக்கு விற்க உரிமை இருந்தால் அதன் உள்ளார்ந்த மதிப்பு 5,000. அந்த 5,000த்தோடு, இன்னும் ஒரு வருட அவகாசத்துக்கும் ஏதாவது சேர்த்துக் கேட்பார்கள் என்றுதான் பாடப்புத்தகம் படித்தவர்கள் எதிர்பார்ப்பார்கள். இங்கே 1,250 குறைவாகக் கேட்கிறார்கள். அவன் கண்ணுக்கு அது சந்தையின் தூக்கமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

விடை அந்தத் திரையிலேயே, ஸ்ட்ரைக் விலைக்குப் பின்னால் இருக்கும் PE என்ற இரண்டு எழுத்தில் இருக்கிறது. அதில் E என்பது ஐரோப்பிய முறையைக் குறிக்கும். ஐரோப்பிய முறை ஆப்ஷனை எக்ஸ்பயரி நாளில் மட்டுமே பயன்படுத்த முடியும். அமெரிக்க முறை ஆப்ஷனை அதற்குமுன் எந்த நாளிலும் பயன்படுத்தலாம். பெயருக்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவிலேயே எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் மீதான SPX ஆப்ஷன் ஐரோப்பிய முறை, அதே குறியீட்டைப் பின்பற்றும் SPY நிதியின் ஆப்ஷன் அமெரிக்க முறை. நம் நாட்டில் நிஃப்டி ஆப்ஷன் 2001இல் வந்தபோதே ஐரோப்பிய முறைதான். தனிப் பங்குகளின் ஆப்ஷன்கள் மட்டும் அமெரிக்க முறையில் இருந்து, 2011இல் ஐரோப்பிய முறைக்கு மாறின. அதுவரை அவற்றின் பெயரில் PA என்றுதான் இருக்கும்; பழைய ஆட்களுக்கு நினைவிருக்கலாம்.

அந்த ஒரு எழுத்தால் என்ன ஆகிறது? புட் வைத்திருப்பவன் கைக்கு 30,000 வருவது இன்றைக்கு அல்ல, ஒரு வருடம் கழித்து. ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கடைசி மாதம் முழுத்தொகை. முன்னாலேயே வேண்டுமென்றால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். வட்டி 6.5 சதவீதம் என்று வைத்தால், ஒரு வருடம் கழித்து வரும் 30,000த்தின் இன்றைய மதிப்பு சுமார் 28,170. அதில் இன்றைய நிஃப்டி 25,000த்தைக் கழித்தால் 3,170தான் மிஞ்சுகிறது. நிஃப்டிப் பங்குகள் வருடத்தில் தரும் டிவிடெண்டுக்காகச் சுமார் 300 சேர்க்க வேண்டும், ஏனென்றால் டிவிடெண்ட் கொடுத்த அளவுக்குப் பங்கு விலை இறங்கும், அது புட்டுக்கு லாபம். நிஃப்டி 30,000த்தைத் தாண்டி ஏறிவிட்டால் புட்காரன் விற்காமலே விட்டுவிடலாம் அல்லவா? அந்தச் சலுகையின் விலை, அதாவது அதே ஸ்ட்ரைக்கின் கால் விலை, சுமார் 280. எல்லாம் சேர்த்தால் 3,750.

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "புட்டையும் வாங்கி நிஃப்டியையும் வாங்கிப் போட்டுட்டா, எது நடந்தாலும் 30,000 நிச்சயம்தானே மாமா?" நிச்சயம்தான். நிஃப்டிக்கு 25,000, புட்டுக்கு 3,750, ஆக முதலீடு 28,750. வருடக் கடைசியில் குறைந்தது 30,000, டிவிடெண்ட் 320 சேர்த்து 30,320. ஆனால் அதே 28,750ஐ 6.5 சதவீத வைப்பில் போட்டிருந்தால் 30,619 ஆகியிருக்கும். அவன் கண்டெடுத்த 1,250 ரூபாய் வைப்புநிதியை விட 300 ரூபாய் குறைவாகத்தான் தருகிறது. நிஃப்டி 30,300க்கு மேல் போனால் மட்டும் முந்தலாம். அந்த வாய்ப்புக்குக் கொடுத்த விலைதான் இந்த 300, மேலே சொன்ன 280 வட்டியோடு சேர்ந்து வந்திருக்கிறது.

மாற்றிப் பாருங்கள். புட் உண்மையிலேயே 5,000த்துக்கு விற்றால் பெரிய நிறுவனங்கள் விடுமா? அதை விற்று, நிஃப்டியையும் கடன்வாங்கி விற்று, 280 கொடுத்து ஒரு கால் வாங்கிப் பாதுகாத்துக்கொண்டு, கையில் சேர்ந்த 29,720ஐ வட்டிக்கு விட்டால் வருடக் கடைசியில் 31,650. அதில் 30,000த்தையும் 320 டிவிடெண்டையும் திருப்பிக் கொடுத்தாலும், நிஃப்டி எங்கே நின்றாலும், 1,330 மிச்சம். இந்த மிச்சம் தீரும்வரை விற்றுக்கொண்டே இருப்பார்கள். விலை 3,750க்கு வந்து நிற்பது அதனால்தான்.

அமெரிக்க முறைப் புட்டில் இது நடக்காது. விலை 5,000த்துக்குக் கீழே வந்த நொடியே வாங்கி, உரிமையைப் பயன்படுத்தி 5,000த்தை எடுத்துக்கொள்வார்கள். 1969இல் ஹான்ஸ் ஸ்டோல் கால் விலைக்கும் புட் விலைக்கும் உள்ள தொடர்பை எழுதினார். அமெரிக்க முறைப் புட்டுக்கு அந்தச் சமன்பாடு அப்படியே பொருந்தாது, முன்கூட்டியே பயன்படுத்துவது லாபமாகும் நேரங்கள் உண்டு என்று 1973இல் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டினார்.

இதில் எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. ஆப்ஷன் வாங்கியவனை நாள் தேய்க்கும் என்பது சந்தையில் வேதவாக்கு. இந்தப் புட்டில் தலைகீழ். நிஃப்டி 25,000த்திலேயே அசையாமல் நின்றால், ஆறு மாதத்தில் 3,750 ஏறக்குறைய 4,250 ஆகிவிடும், எக்ஸ்பயரியன்று 5,000. நாள் நகர நகர அந்த 30,000 பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் நிஃப்டி அசையாமல் நிற்கும் என்பது பந்தயம், பரிசல்ல. எக்ஸ்பயரியில் நிஃப்டி 26,250க்கு மேல் இருந்தால் அவனுக்கு நஷ்டம். ஒரு வருட ஃபியூச்சரின் நியாய விலை சுமார் 26,300. அதாவது அவன் வாங்க நினைத்தது பெரும்பாலும் ஃபியூச்சரை விற்பதற்குச் சமம்.

ஒரு மாதப் புட்டிலும் இதே கதைதான், அளவு சிறிது. 26,500 ஸ்ட்ரைக்கின் உள்ளார்ந்த மதிப்பு 1,500. விலை 1,400க்கு அருகில் இருக்கும். வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இந்த இடைவெளி மறைந்துவிடும். பயத்தில் ஃபியூச்சர் ஸ்பாட்டுக்குக் கீழே போகும் நாட்களில் புட் உள்ளார்ந்த மதிப்புக்கு மேலேயே விற்கும்.

இன்னொரு குறைவும் உண்டு, அது வட்டியால் வருவதல்ல. இவ்வளவு உள்ளே போன ஸ்ட்ரைக்கில் ஆள் நடமாட்டம் கிடையாது. வாங்குபவன் 3,500 கேட்பான், விற்பவன் 4,000 சொல்வான். கடைசியாக நடந்த விலை நேற்று மதியத்தையதாக இருக்கும். தனிப் பங்கின் புட்டாக இருந்தால் எக்ஸ்பயரியில் பங்கையே ஒப்படைக்க வேண்டும், அதற்கு வழியில்லாதவர்கள் கடைசி வாரத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

எது வட்டி, எது வெறும் ஆளில்லாத கடை என்று பிரித்தறிய ஒரே வழிதான். ஸ்பாட்டைப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரைக்கிலிருந்து அதே எக்ஸ்பயரியின் ஃபியூச்சர் விலையைக் கழித்து, மிச்சத்தை மீதி நாட்களின் வட்டிக்குக் குறைத்து, கால் விலையைக் கூட்டிப் பாருங்கள். வந்த எண் புட் விலையை ஒட்டி இருந்தால், அங்கே உங்களுக்கென்று யாரும் எதையும் விட்டுவைக்கவில்லை.