"இன்னும் எத்தனை மாத்திரை இருக்கு?"

காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரை நர்ஸ் போனில் கூப்பிட்டு, "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "போடுறேன் சிஸ்டர்." விட்டவரும் அதையேதான் சொல்வார். திட்டு வாங்க யாருக்குப் பிடிக்கும்? நினைவூட்டும் அழைப்பில் என்ன பேசுவது என்று எழுதி வைக்கும்போது, இந்தக் கேள்வியைத்தான் முதலில் அடிக்க வேண்டும்.

வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் சேர்ந்தது. சில வாரங்களிலேயே காய்ச்சலும் இருமலும் குறைந்து, பசி எடுக்கத் தொடங்கிவிடும். ஆபத்தான காலம் அதுதான். நோயாளிக்குச் சரியாகிவிட்டது, கிருமிக்கு இன்னும் இல்லை. ஆகவே அழைப்பு அந்த நேரத்தில் போக வேண்டும்.

போனை எடுப்பவர் நோயாளியாகத்தான் இருப்பார் என்று நினைக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரே போன் இருக்கலாம், மேஸ்திரி கையிலும் இருக்கலாம். "டி.பி. ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன்" என்ற ஒரு வரி போதும், அவர் வேலை போய்விடும். அவரே பேசுகிறார் என்று உறுதியாகும்வரை தன் பெயரை மட்டும் சொல்வதே சரி.

எடுத்துக்காட்டாக ஒரு கட்டடத் தொழிலாளியை வைத்துக்கொள்வோம். எடை 52 கிலோ, தினம் நான்கு மாத்திரை. இரண்டாவது மாதத்துக்கான 112 மாத்திரை வாங்கிப் போய் 20 நாள் ஆகிறது.

"அண்ணே, நான் விமலா பேசுறேன். இப்ப பேசலாமா, பக்கத்துல ஆள் இருக்காங்களா?"

"இல்ல சிஸ்டர், சொல்லுங்க."

"மாத்திரை அட்டையைக் கையில எடுங்க. இன்னும் எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்க."

"நாப்பத்தெட்டு."

தினமும் போட்டிருந்தால் 80 போய் 32 மீதி இருக்க வேண்டும். பதினாறு கூடுதல், அதாவது நாலு நாள் விட்டிருக்கிறார். இங்கே "ஏன் விட்டீங்க?" என்று பாயாமல், "வேலை இருக்கிற நாள்ல பலருக்கு விட்டுப்போகும். உங்களுக்கு எதனால விட்டுச்சு?" என்று கேட்டால் வாய் திறக்கும்.

"ஒண்ணுக்கு செவப்பாப் போச்சு சிஸ்டர். பயந்துட்டேன்."

அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், கெடுதல் இல்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் நாலு நாள் மிஞ்சியிருக்கும். ஆனால் அதோடு நிறுத்தாமல் இரண்டு கேள்விகள் கட்டாயம் கேட்க வேண்டும். கண் மஞ்சளாகி, சாப்பாடே பிடிக்காமல் வாந்தி வருகிறதா? பார்வை மங்குகிறதா, சிவப்பும் பச்சையும் குழம்புகிறதா? முதலாவது ஈரல் பாதிப்பாக இருக்கலாம், இரண்டாவது எதாம்புட்டால் மருந்தின் விளைவாக இருக்கலாம். இரண்டில் எதற்கு "ஆமாம்" என்றாலும், அடுத்த வேளை மாத்திரை போடாமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இவருக்கு இரண்டும் இல்லை.

"விட்டதைச் சேர்த்து எட்டு மாத்திரையா போட்டுடாதீங்கண்ணே. இன்னைக்கு நாலுதான். கையில இருக்கிறது பன்னெண்டு நாளைக்கு வரும். தீர்றதுக்கு முந்தின நாளே இங்க வாங்க, சளி டெஸ்ட்டும் எடுக்கணும்."

அந்தச் சளிப் பரிசோதனைதான் மருந்து வேலை செய்கிறதா என்று காட்டும். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி வரும் சளி வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. கடைசியில் "எந்த நாள் வர்றீங்க, சொல்லுங்க" என்று அவர் வாயால் நாளைச் சொல்ல வைக்க வேண்டும். "அப்ப வெளியூர்ல கான்கிரீட் வேலை" என்ற உண்மை அப்போதுதான் வெளிவரும். அரசு மருந்து வேறு மாவட்டத்திலும் கிடைக்கும், கிளம்பும் முன் சொன்னால் மாற்றிக் கொடுக்கலாம்.

எண்ணிப் பார்க்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்த முடியும் என்று 1950களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்வு உலகுக்குக் காட்டியது. அங்கே சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். போனில் அந்தச் சோதனை கிடையாது. எண்ணாமலே "முப்பத்திரண்டு" என்று ஒருவர் சொல்லிவிடலாம். தொடர்ந்து போன் எடுக்காதவர், ஒவ்வொரு முறையும் அச்சுப்பிசகாமல் சரியான எண் சொல்பவர், இருவர் வீட்டுக்கும் ஆள் போகத்தான் வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால், யார், எதற்கு என்று துருவாமல் போனை உரியவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை சற்றுத் தள்ளி நில்லுங்கள்.