எழுத்து தனி, காகிதம் தனி

முந்நூறு பக்கமுள்ள பழைய புத்தகம் ஒன்றை வண்ணத்தில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஜேபெக் படமாக வைத்து, ஒரே பி.டி.எஃப். கோப்பாகக் கட்டினால் அது சுலபமாக 300 எம்.பி.யைத் தொடும். அதே பக்கங்களை வேறொரு முறையில் சுருக்கினால் 15, 20 எம்.பி.க்குள் அடங்கிவிடும். இதில் விசித்திரம் என்னவென்றால், சின்னக் கோப்பில்தான் எழுத்து கூர்மையாகத் தெரியும்.

இந்த முறைக்கு மிக்ஸ்டு ராஸ்டர் கன்டென்ட் என்று பெயர், சுருக்கமாக எம்.ஆர்.சி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999இல் டி.44 என்ற எண்ணில் இதைத் தரநிலையாக்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. ஆய்வுக்கூடத்தில் யான் லெகுன், லியோன் போட்டு முதலானோர் இதே எண்ணத்தில் டேஜாவூ என்ற கோப்பு வடிவத்தை உருவாக்கினார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தன்னிடமுள்ள ஸ்கேன் நூல்களுக்குத் தயாரிக்கும் பி.டி.எஃப்.களும் இந்த வழியில் செய்யப்படுபவைதான். அங்கிருந்து பழைய நூல்களை இறக்கிப் படிப்பவர்கள் பெயர் தெரியாமலே இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஜேபெக் ஏன் எழுத்தில் தடுமாறுகிறது என்று பார்க்கலாம். அது படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டும். ஒவ்வொரு கட்டத்தையும் 64 அலை வடிவங்களின் கூட்டாக எழுதும். அவற்றில் சில மெதுவாக ஏறி இறங்குபவை, சில நெருக்கமாகத் துடிப்பவை. முகம், வானம், புடவை மடிப்பு போன்றவற்றில் நிறம் படிப்படியாக மாறுவதால் நெருக்கமான அலைகளுக்கு வேலை குறைவு. அவற்றைத் தோராயமாக்கினாலும், தூக்கியே எறிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஜேபெக் மிச்சம் பிடிப்பது அங்கேதான்.

எழுத்தின் விளிம்பு இதற்கு நேர் எதிர். ஒரு பிக்சல் வெள்ளை, அடுத்தது கறுப்பு. அந்தத் திடீர்ப் பாய்ச்சலை அலைகளால் சொல்ல வேண்டுமானால் நெருக்கமான அலைகள் எல்லாமே தேவை. அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஸ்கேன் செய்த பக்கத்தில் ஒரு கட்டத்தின் அகலம் 0.7 மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆகவே அச்சிட்ட வரி ஓடும் இடத்தில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டத்திலும் ஏதோ ஓர் எழுத்தின் விளிம்பு வந்து விழுகிறது. அலைகளை வைத்துக்கொண்டால் கோப்பு வீங்கும். எறிந்தால் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் தூவியதுபோல் அழுக்குப் படியும். தரத்தைக் கூட்டிக் குறைக்கும் எண்ணை எங்கே வைத்தாலும் இந்த இக்கட்டு தீராது.

மறுபக்கம், எழுத்துக்கென்றே நல்ல சுருக்கும் முறைகள் பேக்ஸ் காலத்திலிருந்தே உண்டு. ஜி4, ஜேபிக்2 போன்றவை ஒரு பிக்சலுக்குக் கறுப்பா வெள்ளையா என்ற ஒரே ஒரு பிட்டைத்தான் பார்க்கும். கூர்மையான விளிம்பு அவற்றுக்குப் பாரமே அல்ல. ஆனால் காகிதத்தின் பழுப்பு, நூலகத்தின் முத்திரை, நடுவில் வரும் படம் எல்லாம் அவற்றில் போய்விடும்.

எம்.ஆர்.சி. இந்த இரண்டையும் ஒரே பக்கத்துக்குள் கூட்டிவைக்கிறது. பக்கம் மூன்று அடுக்காகப் பிரிகிறது. பின்புலம் என்பது எழுத்து நீங்கிய வெறும் காகிதம். முன்புலம் என்பது மையின் நிறம் மட்டும். இரண்டுக்கும் நடுவே மாஸ்க் என்ற கறுப்பு வெள்ளை அடுக்கு இருக்கிறது. வாசலில் வைத்து மாவு தூவும் கோல அச்சைப்போல அது வேலை செய்கிறது: ஓட்டை உள்ள இடத்தில் முன்புல நிறம் இறங்கும், இல்லாத இடத்தில் பின்புலம் தெரியும். எழுத்தின் வடிவம் முழுவதும் மாஸ்க்கில் இருப்பதால், மற்ற இரண்டு அடுக்குகளும் கூர்மையாக இருக்கத் தேவையில்லை.

ஒரு பக்கத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். ஏ4 அளவு, பழுப்பேறிய தாள், கறுப்பு எழுத்து, சிவப்பில் ஒரு தலைப்பு. 300 டிபிஐயில் அது அகலத்தில் 2480, உயரத்தில் 3508 பிக்சல். மொத்தம் 87 லட்சம். சுருக்காத நிலையில் 26 எம்.பி. நல்ல தரத்தில் ஜேபெக் ஆக்கினால் ஏறக்குறைய 1 எம்.பி.

எம்.ஆர்.சி.யில் முதல் வேலை மாஸ்க்கை உண்டாக்குவது. பக்கம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைத்து, இதைவிட இருண்டது எழுத்து என்று சொல்லிவிட முடியாது. பழைய தாளில் ஓரம் கறுத்திருக்கும், தையல் பக்கம் நிழல் விழுந்திருக்கும். அதனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் அக்கம்பக்கத்துச் சராசரியையும், அங்கே வெளிச்சம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் பார்த்து அளவுகோலை நகர்த்துவார்கள். பின்லாந்தைச் சேர்ந்த சவோலாவும் பியெட்டிகைனனும் 2000இல் வெளியிட்ட முறை இதற்கு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. இப்படிக் கிடைக்கும் மாஸ்க் முழு 300 டிபிஐயிலேயே நிற்கும். சுருக்கிய பிறகு 30 கே.பி. வாக்கில் வரும்.

அடுத்ததுதான் கைத்திறன். பின்புலத்திலிருந்து எழுத்தை எடுத்துவிட்டோம். எடுத்த இடத்தில் என்ன வைப்பது? அந்தப் பிக்சல்களை யாரும் பார்க்கப்போவதில்லை, மேலே எழுத்து வந்து மூடிக்கொள்ளும். அதற்காகக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ விட்டால் பழைய விளிம்பு அப்படியே பின்புலத்தில் தங்கிவிடும், சுருக்கி மிச்சமாவது ஒன்றுமில்லை. ஆகவே சுற்றியுள்ள தாளின் நிறத்தைப் பள்ளத்துக்குள் இழுத்து நிரப்புகிறார்கள். விளிம்பு மறைந்து, பின்புலம் லேசான பழுப்புப் பரப்பாகிவிடுகிறது. அதை அங்குலத்துக்கு 100 பிக்சலாகக் குறைத்தால் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஜேபெக் 2000இல் போட்டால் 20 கே.பி. போதும். மையின் நிறம் இன்னும் மெதுவாக மாறுவது. தலைப்பில் சிவப்பு, கீழே கறுப்பு, அவ்வளவுதான். அதை 25 டிபிஐ வரைகூட இறக்கலாம். இரண்டு மூன்று கே.பி.யில் முடிந்துவிடும்.

ஆக, பக்கம் 50, 55 கே.பி. இதே அளவுக்கு ஜேபெக்கைத் திருகினால் 87 லட்சம் பிக்சலும் கட்டம் கட்டமாக உடைந்து, எழுத்தே வாசிக்கக் கிடைக்காது.

நிரப்புவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்கேனரில் எழுத்தின் ஓரம் சுத்தமாக வெட்டி நிற்பதில்லை. ஒன்றிரண்டு பிக்சல் சாம்பல் நிறத்தில் கரையும். மாஸ்க் எழுத்தை இறுக்கமாகப் பிடித்தால் அந்தச் சாம்பல் பின்புலத்தில் தங்கி, ஒவ்வோர் எழுத்தின் பின்னாலும் மங்கலான நிழலாகத் தெரியும். தேர்ந்த மென்பொருள், நிரப்பும்போது மட்டும் மாஸ்க்கைச் சற்றுத் தடிப்பாக்கிக்கொண்டு அந்தச் சாம்பலையும் சேர்த்து அழித்துவிடும். கோப்பு இன்னும் சிறுக்கும், நிழலும் போகும். என் பார்வையில் ஒரு எம்.ஆர்.சி. மென்பொருளின் தராதரத்தை இந்த ஓரத்தில்தான் எடைபோட வேண்டும்.

பிசகுவது பெரும்பாலும் பிரிப்பதில். வாசகர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு மங்கலாக இருந்தால் மாஸ்க்கில் ஏறாது. பின்புலத்தோடு 100 டிபிஐக்கு இறங்கிக் கலங்கிவிடும். நூலக முத்திரையின் பாதி மாஸ்க்கிலும் பாதி பின்புலத்திலும் போய், ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் புகையாகவும் நிற்கும். புகைப்படத்தில் தலைமுடியும் கண்ணிமையும் எழுத்தென்று கொள்ளப்பட்டு மையிட்டதுபோல் கறுத்துவிடும். படம் பக்கத்தை நிறைத்திருந்தால் எம்.ஆர்.சி.யால் ஆதாயமே இல்லை. அங்கே சாதாரணப் படச் சுருக்கமே மேல்.

தமிழுக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது: புள்ளி. நூலின் சாதாரண எழுத்தளவில், 300 டிபிஐயில், மெய்யெழுத்தின் புள்ளி சில பிக்சல் அகலம்தான். தாளில் ஒட்டிய தூசும் அதே அளவு. தூசைத் துடைக்கும் வடிகட்டியை மாஸ்க்கின்மேல் ஓட்டினால் புள்ளிகளும் கூடவே போகும். எம்.ஆர்.சி.யில் அவை ஒரேயடியாக மறைவதில்லை. பின்புலத்தில் சாம்பல் கறையாகத் தங்கும். எழுத்து கூர்மையாகவும் அதன் தலையில் புள்ளி மங்கலாகவும் இருந்தால் நடந்தது இதுதான். கண்ணால் வாசிப்பவர் சமாளித்துக்கொள்வார். மாஸ்க்கை மட்டும் வைத்து எழுத்துணரும் மென்பொருளோ ‘க்’கை ‘க’ என்றே படிக்கும்.

இதைவிட ஆபத்தானது ஜேபிக்2வின் ஒரு வசதி. ஒரே மாதிரி இருக்கும் எழுத்து வடிவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே திரும்பப் பதிக்க அது இடம் தருகிறது. ஒத்துப்போவதற்கான வரம்பைத் தளர்த்தினால் வேறு எழுத்தே வந்து உட்காரும். 2013இல் ஜெர்மானியக் கணினியாளர் டேவிட் கிரீசல் இதை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேனர்களில் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 என்று வெவ்வேறாக இருக்க, ஸ்கேனில் மூன்றுமே 14.13 ஆகியிருந்தன. மங்கியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இலக்கமோ பளிச்சென்று, தவறாக இருந்தது. ‘ர’வும் கால் எழுத்தும் ஏறக்குறைய ஒன்றேபோல் வார்க்கப்பட்ட பழைய தமிழ் அச்சில் இந்த ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஆவணங்களுக்கு ஜேபிக்2வை எதையும் இழக்காத முறையிலோ அல்லது ஜி4 வழியாகவோதான் வைக்க வேண்டும். கோப்பு கொஞ்சம் பெருக்கும், பெருக்கட்டும்.

கையிலுள்ள பி.டி.எஃப். எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க, பாப்ளர் தொகுப்பில் உள்ள கருவி ஒன்று போதும்.

```
pdfimages -list noolin_peyar.pdf
```

ஒரு பக்கத்துக்கு ஒரே படம், `enc` என்ற பத்தியில் `jpeg` என்றிருந்தால் அது சாதாரணச் சுருக்கம். ஒரே பக்க எண்ணில் இரண்டு மூன்று வரிகள் வந்து, அவற்றில் ஒன்று `jbig2` அல்லது `ccitt` ஆகவும், அதன் `x-ppi` மற்றவற்றைவிட அதிகமாகவும் இருந்தால் எம்.ஆர்.சி. பிறகு 400 சதவீதம் பெரிதாக்கி, மெய்யெழுத்துகள் நிறைந்த ஒரு வரியையும் ஓர் அடிக்குறிப்பையும் பார்த்தால் பிரிப்பு எப்படி நடந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பிரித்துச் சுருக்கிய பக்கத்திலிருந்து மூலத்தை மீட்க முடியாது. எழுத்துக்கு அடியில் நிரப்பியது மென்பொருளின் ஊகம், ஓரத்துச் சாம்பல் அழிந்துபோனது. அதனால்தான் இன்டர்நெட் ஆர்க்கைவில் பி.டி.எஃப்.புக்குப் பக்கத்திலேயே, பெயர் `_jp2.zip` என்று முடியும் பெருத்த கோப்பு ஒன்றும் கிடக்கிறது. பிரிக்காத பக்கங்கள் அதற்குள் இருக்கின்றன.