விழுவார் வேறு, விழப் போகிறார் வேறு!

லண்டனில் ஒரு வீடு. சுவரில் சாத்திய ஏணியின் உச்சியில் நின்று ஒருவர் சன்னலுக்கு வர்ணம் பூசுகிறார். ஏணியின் கால் மெல்ல வழுக்குகிறது. அதைக் கண்ட அவர் மனைவி அலறுகிறாள்: "ஹி இஸ் கோயிங் டு ஃபால்!"

"ஹி வில் ஃபால்" என்று அவள் சொல்லவில்லை. இரண்டும் எதிர்காலந்தானே? பிறகு ஏன்?

கண்ணெதிரே அத்தாட்சி

விழுவதற்கான காரணம் இப்போதே தொடங்கிவிட்டது. அதை அவள் கண்ணால் காண்கிறாள். அத்தாட்சி கண்ணெதிரே இருந்தால் ஆங்கிலேயர் வாயில் வருவது 'கோயிங் டு'. நாமும் அந்த நேரத்தில் "விழப் போகிறார்!" என்றுதான் கத்துவோம். "விழுவார்" என்று கத்தமாட்டோம்.

அந்த ஏணி முதல் நாள் கொட்டகையில் கிடந்தபோதும் அவள் எச்சரித்தாள். அப்போது சொன்னது: "அதில் ஏறாதீர்கள், யூ வில் ஃபால்." அன்று எதுவும் வழுக்கவில்லை. ஏணி பழையது, கணவருக்கு ஏறிப் பழக்கமில்லை. தெரிந்ததை வைத்துச் செய்த அனுமானம் அது. 'ஏறினால்' என்ற நிபந்தனையும் அதில் மறைந்திருக்கிறது. அதற்கு 'வில்'.

கணவர் மாட்டிக்கொண்டார்

திட்டங்களிலும் இதே கதைதான். "குழாய் ஒழுகுகிறது" என்கிறாள் மனைவி. "ஐ வில் ரிப்பேர் இட்" என்றால், கணவர் அந்தக் கணத்தில்தான் முடிவு செய்தார் என்று பொருள். "ஐ ஆம் கோயிங் டு ரிப்பேர் இட்" என்றால், முன்பே தீர்மானித்துவிட்டாராம்! "தெரிந்துமா ஒரு வாரம் சும்மா இருந்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி பிறக்கும்.

தமிழர் சறுக்குவது இங்கேதான். நாம் "சரி செய்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியவர்கள். அதை அப்படியே "ஐ ஆம் ரிப்பேரிங் இட்" என்று மாற்றினால், கையில் ஸ்பானருடன் வேலை நடந்துகொண்டிருப்பதாக ஆங்கிலேயர் நினைத்துக்கொள்வார்.

எப்போதும் இவ்வளவு கறாரா? இல்லை. பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்ற பேச்சில் இரண்டையும் கலந்து பேசுவார்கள், யாரும் திருத்தமாட்டார்கள். வானிலை அறிக்கை இன்னும் வேடிக்கை. மேகப் படத்தை அத்தாட்சியாக வைத்துக்கொண்டே "நாளை மழை பெய்யும்" என்பதற்கு 'வில்' போடுவார்கள். அறிக்கை நடைக்கு அதுதான் வழக்கம்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். புதிதாகக் கல்யாணமான பெண்ணைப் பற்றி, "என்றாவது இவளுக்கும் ஒரு குழந்தை பிறக்கும்" என்று சொல்ல ஒருவர் நினைக்கிறார். "ஷி இஸ் கோயிங் டு ஹேவ் எ பேபி" என்று சொல்லிவிடுகிறார். கேட்டவர்கள் அந்தப் பெண்ணிடம் போய், "எத்தனையாவது மாதம்?" என்று விசாரிப்பார்கள்!