மூடிய கணக்குக்குப் போய்த் திரும்பிய ரீஃபண்ட்

வருமான வரி ரீஃபண்ட் அனுப்பப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தபின், அது போய்ச் சேரவில்லை என்று இன்னொரு செய்தி வந்தால் பலரும் முதலில் ஓடுவது பழைய வங்கிக்குத்தான். கணக்கை மூடிய கிளையில் போய் நின்று, “என் பணம் உங்களிடம்தானே வந்தது?” என்று கேட்பார்கள். அங்கே கிடைக்கும் பதில், “கணக்கு மூடியாச்சும்மா, வந்த பணம் அப்படியே திரும்பிப் போயிருக்கும்” என்பதுதான். அந்தப் பதில் சரி. பணம் அங்கே இல்லை. அது வந்த வழியே வருமான வரித் துறைக்குத் திரும்பி, உரியவர் மறுபடி கேட்கும்வரை அங்கேயே இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். தனியார் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மீனாட்சி அம்மாள் திருநெல்வேலியில் இருந்தவர். ஓய்வூதியம் கிடையாது. வங்கி வைப்புத்தொகைக்கு வரும் வட்டியும் கொஞ்சம் வாடகையும்தான் வருமானம். 2023-24 நிதியாண்டில் வட்டி மட்டும் 1,84,000 ரூபாய். அவருடைய மொத்த வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆனால் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் தர வேண்டிய 15எச் படிவத்தை அந்த வருடம் தரவில்லை. அதனால் வங்கி 10 சதவீதம், அதாவது 18,400 ரூபாயைப் பிடித்துக் கட்டிவிட்டது. அதைத் திரும்பப் பெறத்தான் 2024 ஜூனில் ரிட்டர்ன் தாக்கல் செய்தார்.

ஜூலையில் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். திருநெல்வேலிக் கணக்கை மூடி, வைப்புத்தொகையை எல்லாம் மகள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வேறொரு வங்கிக்கு மாற்றிக்கொண்டார். ரிட்டர்னில் கொடுத்திருந்ததோ பழைய கணக்கு எண். ஆகஸ்ட் மாதம் ரீஃபண்ட் அந்த எண்ணுக்குத்தான் கிளம்பியது.

ரிட்டர்ன்களைப் பரிசீலிப்பது பெங்களூருவில் உள்ள வருமான வரித் துறையின் மையச் செயலாக்க மையம். அது தொகையை முடிவு செய்ததும், பணத்தை அனுப்பும் வேலையைத் துறையின் ரீஃபண்ட் வங்கியான பாரத ஸ்டேட் வங்கி செய்கிறது. பெறும் வங்கியில் கணக்கு மூடப்பட்டிருந்தால், அந்த வங்கி பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது. காரணத்தைக் குறிப்பிட்டு அனுப்பிய வங்கிக்கே திருப்ப வேண்டும். அங்கிருந்து தகவல் துறைக்குப் போகிறது. வரி செலுத்துபவரின் பக்கத்தில் ரீஃபண்ட் தோல்வி என்று பதிவாகிறது.

பதிவான பிறகு துறை தானாக இன்னொரு கணக்கைத் தேடிப் பிடித்து அனுப்புவதில்லை. பக்கத்து ஊர் வங்கியில் அதே பெயரில் கணக்கு இருந்தாலும் சரி, அடுத்த வருட ரிட்டர்னில் புது எண் கொடுத்தாலும் சரி, பழைய ஆண்டின் பணம் அதைத் தொடர்ந்து வந்துவிடாது. மறு வழங்கல் கோரிக்கை ஒன்றை உரியவர் தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

மீனாட்சி அம்மாளின் மகள் incometax.gov.in தளத்தில் அம்மாவின் பான் எண்ணைக் கொண்டு உள்ளே போய் முதலில் பார்த்தது “e-File” பகுதியில் உள்ள “View Filed Returns”. அதில் அந்த ஆண்டுக்கான ரிட்டர்னின் விவரத்தைத் திறந்தால், அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஏனென்றால் பணம் வராததற்கு எப்போதும் வங்கிக் கணக்கே காரணம் என்று சொல்ல முடியாது. பழைய ஆண்டு ஒன்றின் வரிப் பாக்கியில் ரீஃபண்ட் கழிக்கப்பட்டிருக்கலாம். பான் எண்ணை ஆதாருடன் இணைக்காததால் அது செயலிழந்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் புது வங்கிக் கணக்கு மருந்தாகாது. ரீஃபண்ட் போய்த் திரும்பியது என்று பதிவாகியிருந்தால் மட்டுமே மறு வழங்கல் கோரிக்கைக்கு வழி உண்டு.

அடுத்து புதிய கணக்கைத் தளத்தில் சேர்க்க வேண்டும். “My Profile” பக்கத்தில் “My Bank Account” என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே கணக்கு எண், கணக்கின் வகை, கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு ஆகியவற்றைக் கொடுத்தால், தளம் அந்த வங்கியிடம் கேட்டுச் சரிபார்க்கும். 2019 மார்ச் 1 முதல், பான் எண்ணோடு இணைந்து, இப்படி முன்கூட்டிச் சரிபார்க்கப்பட்ட கணக்குக்கு மட்டுமே ரீஃபண்ட் போகும். ஆகவே மகளின் கணக்கையோ மகனின் கணக்கையோ கொடுத்து வாங்கிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. கணக்கு ரீஃபண்ட் பெறுபவரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும்.

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்வது இந்தச் சரிபார்ப்பில்தான், அதிலும் தமிழ்நாட்டில் கூடுதலாக. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, இனிஷியல்தான். பான் விண்ணப்பத்திலோ இனிஷியலை அப்படியே எழுத விடுவதில்லை. விரித்து எழுதச் சொல்வார்கள். எனவே அம்மாளின் பான் அட்டையில் தந்தை பெயரோடு சேர்ந்து ‘மீனாட்சி சுப்பையா’ என்று இருக்கிறது. கோயம்புத்தூர் வங்கியில் கணக்கு திறந்தபோது படிவத்தில் எப்போதும் போல ‘எஸ். மீனாட்சி’ என்று எழுதிவிட்டார். நமக்கு இரண்டும் ஒரே ஆள்தான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு அப்படி இல்லை. சரிபார்ப்பு தோற்றது.

தோற்றால் தளத்தில் கணக்கின் பக்கத்திலேயே காரணம் தெரியும். பெயர் பொருந்தாமை, பான் எண் அந்தக் கணக்கில் பதிவாகாமை, கணக்கு எண் அல்லது ஐஎஃப்எஸ்சி தவறு, இவைதான் வழக்கமான காரணங்கள். முதல் இரண்டையும் தளத்தில் சரிசெய்ய முடியாது; வங்கிக் கிளையில்தான் முடியும். பான் அட்டை நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, கணக்கில் பான் எண்ணைப் பதியவும், பெயரைப் பான் அட்டையில் உள்ளபடி மாற்றவும் கேட்க வேண்டும். பான் அட்டையிலேயே பெயர் தவறு என்றால் அதைத் திருத்துவது வேறு வேலை, நாளாகும். ஆகவே வங்கிப் பக்கத்தைத் திருத்துவதே சுலபம். வங்கியில் மாற்றம் ஏறிய பிறகு தளத்தில் அதே கணக்குக்கு எதிரே “Re-Validate” கொடுத்தால் போதும், புதிதாகச் சேர்க்கத் தேவையில்லை.

ஐஎஃப்எஸ்சி பற்றி ஒரு வார்த்தை. பதினொரு எழுத்து கொண்ட இந்தக் குறியீட்டில் முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். வங்கிகள் இணைந்தால் முதல் நான்கே மாறிவிடும். அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடும், கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடும் இணைந்தபோது இதுதான் நடந்தது. பழைய காசோலைப் புத்தகத்தைப் பார்த்துக் குறியீட்டை எழுதக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அம்மாளின் கணக்கு சரிபார்க்கப்பட்டதும் மகள் அதை ரீஃபண்டுக்கு உரியதாகத் தேர்வு செய்தார். மூடிய கணக்கைப் பட்டியலிலிருந்து நீக்கினார். அது அங்கே கிடந்தால் அடுத்த வருடமும் தவறுதலாக அதையே தேர்ந்தெடுக்க வாய்ப்புண்டு.

பிறகுதான் கோரிக்கை. “Services” பட்டியலில் “Refund Reissue” என்று இருக்கும். அங்கே புதிய கோரிக்கையை உருவாக்கச் சொன்னால், தோல்வியடைந்த ரீஃபண்ட் எந்த மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியது என்று காட்டும். 2023-24 நிதியாண்டின் ரிட்டர்ன் அங்கே 2024-25 என்று தெரியும், குழம்ப வேண்டாம். ஆண்டைத் தேர்ந்து, புது வங்கிக் கணக்கைத் தேர்ந்து, சமர்ப்பிக்க வேண்டியதுதான்.

சமர்ப்பித்தால் முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கடைசியில் மின்னணுச் சரிபார்ப்பு இருக்கிறது. ஆதாரில் பதிவான கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போடுவது அதில் சுலபமான வழி. அது முடிந்து பரிவர்த்தனை எண் திரையில் வந்தால்தான் கோரிக்கை துறைக்குப் போனதாக அர்த்தம். ஆதாரில் உள்ள எண் பழையதாகி, சிம் கைவிட்டுப் போயிருந்தால் ஓடிபி வராது. இணைய வங்கி வழியாகவோ, சரிபார்த்த வங்கிக் கணக்கு வழியாகவோ சரிபார்க்கவும் வசதி உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், பிறகு அதே “Refund Reissue” பக்கத்தில் நிலையைப் பார்க்கலாம். பணம் வராமல் இழுத்தால், அதே தளத்தின் “Grievances” பகுதியில் புகார் பதியலாம். 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

எவ்வளவு வரும்? அம்மாள் கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டதால் ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி உண்டு. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே கணக்கு. 18,400-க்கு மாதம் 92 ரூபாய். ஆகஸ்டில் ரீஃபண்ட் வழங்கப்பட்டதால் ஐந்து மாதத்துக்கு 460. ஆக மொத்தம் 18,860. இந்த 460 ரூபாயை அடுத்த ரிட்டர்னில் வருமானமாகக் காட்டவும் வேண்டும். அதற்குமேல் பணம் துறையிடம் கிடக்கும் மாதங்களுக்கு வட்டியை எதிர்பார்ப்பதற்கில்லை. வரி செலுத்துபவரால் ஏற்பட்ட தாமதத்தை வட்டிக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்கிறது சட்டம். கணக்கை மூடியது அவர்தானே. எனவே கோரிக்கையைத் தள்ளிப்போடுவதில் ஒரு லாபமும் இல்லை.

இந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்களும் வருவார்கள். ‘உங்கள் ரீஃபண்ட் தயார், கணக்கு எண்ணை உறுதி செய்ய இந்த இணைப்பைத் தொடுங்கள்’ என்று வரும் செய்தி, பணத்துக்காகக் காத்திருப்பவருக்கு உண்மை போலவே தோன்றும். துறை கடவுச்சொல்லையோ அட்டை எண்ணையோ ஓடிபியையோ செய்தி அனுப்பிக் கேட்பதில்லை. செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியைத் தானே தட்டெழுதி உள்ளே போவதுதான் பாதுகாப்பு.

இத்தனை அலைச்சலும் வேலைகளின் வரிசை மாறிப்போனதால் வந்தது. ரிட்டர்ன் போட்டுவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருப்பவர், பணம் வந்து சேரும்வரை பழைய கணக்கில் குறைந்தபட்ச இருப்பை வைத்து அதை உயிரோடு விட்டுவைக்கலாம். மூடியே தீர வேண்டும் என்றால் முதலில் புதிய கணக்கைத் திறந்து, பான் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதி, தளத்தில் சரிபார்ப்பு முடிந்ததைப் பார்த்துவிட்டு அதன் எண்ணை ரிட்டர்னில் கொடுத்து, அதற்குப் பிறகு பழையதை மூட வேண்டும்.