பணம் கட்டுவது மகன், கதவைத் திறப்பது அம்மா

ஸ்ரீரங்கத்தின் எந்த அடுக்ககத்தை எடுத்துக்கொண்டாலும், பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வயதானவர்கள் மட்டும் வசிக்கும் வீடுகள் சில இருக்கும். இவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் சேவை நிறுவனங்கள் திருச்சி, கோவை, சென்னையில் பெருகி வருகின்றன. அவற்றில் சிலவற்றின் பெயரை மட்டும் குடும்பங்கள் நம்பிச் சொல்கின்றன. அந்த நம்பிக்கையை ஒரு நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது?

இந்தத் தொழிலின் தனிச்சிக்கல் ஒன்றுதான். பணம் கட்டுகிறவர் நியூ ஜெர்சியில் இருக்கிறார், சேவையைப் பெறுகிறவர் இங்கே இருக்கிறார். விளம்பரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாமவரை மட்டுமே நினைக்கிறார்கள். ஜன்னலோரம் காத்திருக்கும் தாயின் படத்தைப் போட்டு மகனின் குற்ற உணர்வைத் தொடுகிறார்கள். அதே துண்டுப் பிரசுரம் அந்தத் தாயின் கைக்கும் வருகிறது. “நான் என்ன அநாதையா?” என்று அவர் கேட்டுவிட்டால், மகன் முன்பணம் கட்டியிருந்தாலும் வாசற்கதவு திறக்காது.

பெயரிலும் இதே கவனம் வேண்டும். ‘முதியோர்’, ‘இல்லம்’ என்ற சொற்கள் பெயரில் இருந்தால், பிள்ளைகள் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டதாக அக்கம்பக்கம் பேசும். சேவையை அப்படியே வர்ணிக்கும் பொதுச் சொற்களை வணிகச் சின்னமாகப் பதிவு செய்வதும் கடினம். மருத்துவப் பராமரிப்பு 44ஆம் வகுப்பிலும், துணையிருத்தல் போன்ற தனிநபர் சேவைகள் 45ஆம் வகுப்பிலும் வரும். பதிவு செய்த சின்னம் 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். நிறுவனப் பெயர் பொறித்த சீருடையைப் பல பெரியவர்கள் விரும்புவதில்லை, நோயாளி என்று தெருவே பார்க்கும் என்ற கூச்சம். சாதாரணச் சுடிதாரும், கண்ணாடி போடாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில் பெயரும் படமும் உள்ள அடையாள அட்டையும் போதும்.

ஆனால் பெயரும் சின்னமும் வாசல்வரைதான் வரும். நம்பிக்கை உருவாவது உள்ளே, ஏதோ ஒரு சாதாரணக் காலையில். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

78 வயது மாமி. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காலை ஏழு மணிக்குப் பராமரிப்புப் பெண் வருகிறார். மாமிக்கு முகமெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 64. வெறும் வயிறாகவே இருந்தாலும் 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. மாமிக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, விழுங்க முடிகிறது. அதனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் 96. உடனே இரண்டு இட்லி. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழைத்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் குறைந்தது என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வருகிறது. முந்தைய நாள் ஏகாதசி. மாமி முழு உபவாசம் இருந்துவிட்டு, ராத்திரி மாத்திரையை மட்டும் வழக்கப்படி போட்டுக்கொண்டிருக்கிறார். “அவன்கிட்ட சொல்லிடாதேம்மா, பயந்துடுவான்” என்கிறார்.

இங்கேதான் நிறுவனம் சோதிக்கப்படுகிறது. மறைத்தால் மகனின் நம்பிக்கை போகும், மாமிக்குத் தெரியாமல் சொன்னால் மாமியின் நம்பிக்கை போகும். நல்ல நிறுவனம் இதற்கான பதிலை முதல் நாளே மாமியையும் உட்காரவைத்துக்கொண்டு எழுதி வைத்திருக்கும். விழுதல், தாழ்சர்க்கரை, மருந்து தவறுதல், மருத்துவமனை ஆகிய நான்கும் கட்டாயம் சொல்லப்படும். யார் வீட்டுக்கு வந்தார்கள், மருமகளைப் பற்றி என்ன பேசினார், எதற்கு அழுதார் என்பதெல்லாம் மாமியின் சொந்த விஷயம், வெளியே போகாது. “மாமி, இது அந்த நாலுல ஒண்ணு. உங்க முன்னாடியே சொல்றேன்” என்று அந்தப் பெண் சொல்ல முடிவது அந்தத் தாளால்தான்.

இனி செய்தியைப் பாருங்கள். பல நிறுவனங்கள் தினமும் அனுப்புவது ‘அம்மா நன்றாக இருக்கிறார்’ என்ற வரியும் ஒரு பூப்படமும்தான். மூன்றாம் நாளிலிருந்து மகன் அதைப் படிப்பதில்லை. அந்தக் காலை போக வேண்டிய செய்தி இப்படி: “7.05க்குச் சர்க்கரை 64. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். 7.20க்கு 96. இரண்டு இட்லி சாப்பிட்டார். நேற்று ஏகாதசி விரதம், மாத்திரை மட்டும் சாப்பிட்டிருக்கிறார். டாக்டரிடம் பேசிவிட்டு, விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று மதியத்துக்குள் எழுதுகிறோம்.” இதில் ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படித்துவிட்டு மகன் தூங்கப் போகலாம், ஏனென்றால் அடுத்து யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பது அதில் இருக்கிறது. டாக்டரின் பதில் வந்ததும், அடுத்த மாதங்களின் ஏகாதசித் தேதிகளோடு குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட வேண்டும். இதை மாமியும் ஏற்றுக்கொள்வார், ஏனென்றால் விரதத்தை விடச் சொல்லி யாரும் அவரிடம் மல்லுக்கு நிற்கவில்லை.

நேரமும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கோடையில் இங்கே காலை ஏழு மணி என்றால் நியூ ஜெர்சியில் முந்தைய இரவு ஒன்பதரை. மதியம் இரண்டு என்றால் அங்கே விடியற்காலை நாலரை. எந்தச் செய்திக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பலாம், எது காத்திருக்கலாம், மகன் எடுக்காவிட்டால் உள்ளூரில் யாரைக் கேட்பது என்பதையெல்லாம் எழுதி வைக்காத நிறுவனம் முதல் அவசரத்திலேயே தடுமாறும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு மகனின் சம்மதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

இத்தனையும் நிலைப்பது அந்தப் பெண் வேலையில் நிலைப்பதைப் பொறுத்தது. மாதம் ஒரு புதுமுகம் வந்தால் மாமி ஒவ்வொரு முறையும் குளியலறைக் கூச்சத்தை முதலிலிருந்து கடக்க வேண்டும், அதை எந்த விளம்பரமும் ஈடுகட்டாது. தொடக்கத்திலிருந்தே இரண்டு பேரை ஒரு வீட்டுக்குப் பழக்குவது நல்லது. ஒருவர் தினமும், மற்றவர் வாரம் ஒரு நாள். முதலாமவர் ஊருக்குப் போனாலும் அடுத்து வருபவர் அந்நியர் அல்ல. ஆனால் குடும்பம் கட்டும் பணத்தில் பெரும்பகுதியை நிறுவனம் வைத்துக்கொண்டால், அந்தக் குடும்பமே ஒரு நாள் அவரை நேரடியாக வேலைக்கு அமர்த்திக்கொள்ளும். இதை ஒப்பந்தத்தில் தடை போட்டு நிறுத்திவிடலாம் என்று நிறுவனங்கள் நினைக்கின்றன. நல்ல சம்பளம், வார விடுப்பு, விடுப்பில் மாற்று ஆள், ராத்திரி இரண்டு மணிக்கும் போனை எடுக்கும் மேற்பார்வையாளர் ஆகியவை இருந்தால்தான் அவரும் போகமாட்டார், குடும்பமும் அழைக்காது.

இந்தச் சேவையின் பெயர் பரவுவது குடும்ப மருத்துவர், தெருமுனை மருந்துக்கடை, வெளிநாட்டுத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழு வழியாகத்தான். அப்படிப் பரவத் தொடங்கியதும் வரும் ஆபத்து, எல்லா அழைப்புக்கும் சரி சொல்வது. ஸ்ரீரங்கத்தில் மேற்பார்வையாளரை வைத்துக்கொண்டு கே.கே. நகரில் வீடு ஏற்றால், ராத்திரி அழைப்பு வரும்போது காவிரியைத் தாண்டி ஊரின் மறுகோடிவரை போக வேண்டும். இருபது நிமிடத்தில் போய்ச் சேர முடியாத வீட்டை, அங்கே ஆள் போடும்வரை ஏற்கக் கூடாது. மறுக்கும்போது அந்தப் பகுதியில் இருக்கும் வேறு நல்ல நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்துவிடலாம்.