யூரோ கார்டும் சூரிச் பில்லும்

பாரிசில் பத்து நாள், சுவிட்சர்லாந்தில் நான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம். பாரிசில் 500 யூரோ ஓட்டல் பில்லை நம்மூர் டெபிட் கார்டில் கட்டினால், பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம் பிடிக்கும்; அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கூடுதல் செலவு 20 யூரோவைத் தாண்டிவிடும். யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் இந்தப் பிடித்தம் இல்லை. ஏற்றும்போதே விலையில் லாபம் வைப்பார்கள் என்பதால் இரண்டு இடங்களில் விசாரியுங்கள். அதே கார்டைச் சூரிச்சில் தேய்த்தால், யூரோவை பிராங்காக மாற்றவும் பெரும்பாலும் கட்டணம் விழும். எனவே பிராங்கையும் தனியே ஏற்றச் சொல்லுங்கள். ரொக்கம் 200 யூரோ போதும். டெபிட் கார்டு அவசரத்துக்கு. வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். கடை இயந்திரம் ரூபாயா, யூரோவா என்று கேட்டால் யூரோவையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால், அவர்கள் வைத்ததே மாற்று விலை.