முடித்தவர்கள் எல்லாம் பார்த்தவர்களா?

அலுவலகத்தில் பயிற்சி வீடியோ பார்க்காதவர்கள் இன்று குறைவு. தீ விபத்து, பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல், போலி மின்னஞ்சல் என ஏதாவது ஒரு தலைப்பில் இணைப்பு வரும். கெடு தேதி நெருங்கினால் எச்.ஆரிடமிருந்து நினைவூட்டலும் வரும். வருட முடிவில் மேலாளர் கையில் ஓர் எண் இருக்கும்: 95 சதவீதம் பேர் முடித்துவிட்டார்கள்.

இந்த எண்ணுக்கு ஒரு நியாயமான வேலை உண்டு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர்களுக்கு அவ்வப்போது விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பை நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறது. நடத்தியதற்குச் சான்றாகப் பெயர்ப் பட்டியல் வேண்டும். அதற்கு முடித்தோர் கணக்கு போதும். அதே கணக்கை வைத்து வீடியோ நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டும்போதுதான் சிக்கல்.

காரணம், ‘முடித்தார்’ என்பதை எழுதுவது ஊழியர் அல்ல, மென்பொருள். பல நிறுவனங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கார்ம் 1.2 என்ற பழைய தரத்தில் இதற்கென்று இருப்பது `cmi.core.lesson_status` என்ற ஒரே கட்டம். எந்த நிலையில் அதில் `completed` என்று எழுதுவது என்பதை வீடியோவைத் தயாரித்தவரே தீர்மானிக்கிறார். கடைசி நொடி ஓடினால் போதும் என்று அவர் வைத்திருந்தால், முதல் நிமிடத்திலிருந்து நேராகக் கடைசிக்கு இழுத்துவிட்டவரும் முடித்தவர்தான்.

2013இல் வெளியான எக்ஸ்ஏபிஐ என்ற தரம் இதைவிட விவரமாகப் பதிகிறது. வீடியோவுக்கான அதன் விதிகளின்படி, ஒருவர் பட்டையை இழுத்தால் எங்கிருந்து இழுத்தார், எங்கே போய் நின்றார் என்ற இரண்டும் நொடிக் கணக்கில் பதிவாகும். சுருக்கி எழுதினால் இப்படி:

```
verb: seeked
time-from: 545.0
time-to: 700.0
```

அதாவது 9 நிமிடம் 5 நொடியில் கிளம்பி 11 நிமிடம் 40 நொடியில் இறங்கியிருக்கிறார். பலரும் கிளம்பிய இடத்தை மட்டும் எண்ணிவிட்டு விட்டுவிடுகிறார்கள். இறங்கிய இடம் அதைவிட அதிகம் சொல்லும். பத்துப் பத்து நொடியாகத் தட்டிக்கொண்டே போகிறவருக்குப் பேச்சு மெதுவாக இருக்கிறது. ஒரு நிமிடம் தாண்டிப் போய், கொஞ்சம் பின்னே வந்து நிற்பவர் எதையோ தேடுகிறார். ஒரே இழுப்பில் கடைசிக்குப் போகிறவருக்குச் சான்றிதழ் மட்டும் போதும். மூன்றும் ‘ஸ்கிப்’ என்ற ஒரே தலைப்பில் அறிக்கையில் ஏறினால் எதுவும் புரியாது. ஒருவர் பட்டையை அப்படியும் இப்படியும் ஆட்டினால் நாலைந்து பதிவுகள் விழும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஓரிரு நொடிக்குள் அடுத்தடுத்து வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்த பிறகே எண்ணத் தொடங்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். போலி மின்னஞ்சல் பற்றிய 12 நிமிட வீடியோ. 200 பேருக்கு அனுப்பியதில் 190 பேர் முடித்ததாகப் பதிவு. வீடியோவைப் பத்து நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் எத்தனை பேர் திரையில் உண்மையில் ஓடியது என்று வரைகிறோம். நிறுவனச் சின்னமும் நிர்வாக இயக்குநரின் வாழ்த்தும் வரும் முதல் ஒன்றரை நிமிடத்தில் கோடு 110க்கு இறங்குகிறது. இதில் வியப்பு ஏதும் இல்லை. போலி மின்னஞ்சல் என்றால் என்ன என்ற விளக்கத்தில் 90. மாதிரி மின்னஞ்சல்களைக் காட்டும் 5 முதல் 9 நிமிடம் வரை 165. அதன் பிறகு, 9 நிமிடம் 5 நொடியில், கோடு 60க்குச் சரிகிறது. கடைசி அரை நிமிடத்தில் மறுபடி 190.

ஆட்கள் ஓடிவிட்ட அந்த இரண்டரை நிமிடத்தில் இருப்பதுதான் வீடியோவின் உயிர்: தவறுதலாகச் சொடுக்கிவிட்டால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, கடவுச்சொல்லை எப்போது மாற்றுவது. 95 சதவீதம் என்ற எண்ணுக்குப் பின்னால், இதைப் பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

காரணம் தெரிய வரைபடம் போதாது. அந்த இடத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் சில நொடிகள் முன்னாலிருந்து, ஏனென்றால் மனம் முடிவெடுத்த பிறகுதான் கை இழுக்கிறது. போட்டுப் பார்த்தால், சரியாக 9ஆவது நிமிடத்தில் ‘சுருக்கம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு ஸ்லைடு. கதை முடிந்தது, இனி கேள்வித்தாள்தான் என்று நினைத்துக் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களிடம் சோம்பேறித்தனம் ஏதும் இல்லை; வீடியோவே வழியனுப்பி வைத்திருக்கிறது.

அடுத்து, ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விளக்கப் பகுதியைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் போன வருடமே இந்தப் பயிற்சியை முடித்த பழைய ஊழியர்களாக இருந்தால் கவலையில்லை, தெரிந்ததைத் தாண்டியிருக்கிறார்கள். 9ஆவது நிமிடத்தில் பழையவரும் புதியவரும் ஒரே மாதிரி கிளம்பியிருந்தால் கோளாறு வீடியோவில்.

இதை உறுதிசெய்ய, கேள்வித்தாளில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கேள்வி இருக்க வேண்டும். நம் கணக்கில், கடைசிப் பகுதியைப் பார்த்த 60 பேரில் 48 பேர் அதற்குரிய கேள்விக்குச் சரியாக விடை எழுதினார்கள், தாண்டிய 130 பேரில் 40 பேர்தான் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதி எதையோ சொல்லித்தருகிறது என்று தெரிகிறது. பொறுமையாகப் பார்க்கிறவர் பொறுமையாகப் படித்தும் எழுதுவார் என்பதால், இந்த வித்தியாசம் முழுவதையும் வீடியோவின் கணக்கில் வரவு வைக்கவும் கூடாது. மாறாக, விளக்கப் பகுதியைப் பார்த்தவரும் தாண்டியவரும் ஒரே அளவு சரியாக எழுதியிருந்தால் அதைத் தயங்காமல் வெட்டலாம்.

இந்த வேலைக்கு எதிரி ஒரு சுலபமான தீர்வு: முன்னே இழுக்க முடியாதபடி பட்டையைப் பூட்டிவிடுவது. முடித்தோர் விகிதம் அழகாக இருக்கும். எங்கே சலித்தார்கள் என்ற செய்தி மட்டும் அடியோடு போய்விடும். தாண்டியவர்களின் பெயர்ப் பட்டியலை மேலாளருக்கு அனுப்புவதும் இதே வகை. ஒருமுறை அனுப்பிப் பாருங்கள், அடுத்த மாதமே எல்லோரும் சத்தத்தை அணைத்து, வேறு டேபில் ஓடவிட்டு, தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். பதிவில் அவர்கள் உத்தமர்கள். கண்டுபிடிக்க வழி உண்டு: பார்த்த நேரம் வீடியோவின் நீளத்தோடு நொடி பிசகாமல் ஒத்துப்போகும், ஓர் இடத்திலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள், பின்னே போயிருக்க மாட்டார்கள். கவனித்துப் பார்க்கிறவரின் பதிவு இவ்வளவு சுத்தமாக இருப்பது அபூர்வம். அதனால் இந்தக் கணக்கைப் பெயர் இல்லாமல் போடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

ஆறு நிமிடத்துக்கு மேல் வீடியோ எடுக்கக் கூடாது என்றொரு விதியையும் பயிற்சித் துறையில் அடிக்கடி கேட்கலாம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது எட்எக்ஸ் இணையப் பாடங்களின் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014இல் வெளியான ஆய்வு. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வைகளின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று அது சொன்னது. ஆனால் அங்கே வந்தவர்கள் தாமாக விரும்பி வந்த மாணவர்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். கெடு தேதி கழுத்தைப் பிடிக்கும் ஊழியர் எழுந்து போக மாட்டார், இழுத்துவிடுவார். நீளத்தைக் குறைத்தால் நல்லதுதான், ஆனால் ‘சுருக்கம்’ ஸ்லைடு தவறான இடத்தில் இருந்தால் ஐந்து நிமிட வீடியோவிலும் இதே கதைதான்.

நம் வீடியோவுக்கான திருத்தம் சின்னது. அந்த ஸ்லைடை நீக்கி, ‘சொடுக்கிவிட்டால் என்ன செய்வது’ என்ற பகுதியை மாதிரி மின்னஞ்சல்களுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். அடுத்த அணிக்கு அனுப்பி, அதே வரைபடத்தை மறுபடி போட வேண்டும். சில வாரம் கழித்துச் சோதனைக்காக ஒரு போலி மின்னஞ்சலை அனுப்பி, எத்தனை பேர் அதைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிவிக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அப்போதும் அந்தப் பகுதியில் கோடு சரிந்தால், அதை வீடியோவில் வைத்திருப்பதில் பயனில்லை. அழைக்க வேண்டிய எண்ணை ஒவ்வொரு கணினியிலும் ஒட்டிவிடலாம்.